கையெழுத்து யாருடையது, பில் யாரிடம் தருவது?
சிறிய ஆடிட்டர் ஆபீஸ் தன் ஆட்களை அறிமுகப்படுத்தும் நாலு வரி

ஆடிட்டர் ஆபீஸ்களின் வரவேற்பறையில் ஒரு குரூப் போட்டோ மாட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நடுவில் ஆடிட்டர் உட்கார்ந்திருப்பார். இரண்டு பக்கமும் ஊழியர்கள் நிற்பார்கள். கீழே பெரும்பாலும் ஒரே மாதிரி வாசகம்தான் இருக்கும்: “அனுபவமும் அர்ப்பணிப்பும் மிக்க எங்கள் குழு. உங்கள் நம்பிக்கையே எங்கள் மூலதனம்.” இதே வாசகத்தை நகைக்கடையிலும் மாட்டலாம், டிராவல்ஸ் ஆபீஸிலும் மாட்டலாம். புதிதாக வந்து உட்கார்ந்திருக்கும் வியாபாரிக்கு அதிலிருந்து ஒன்றும் தெரிவதில்லை.

அவர் மனதில் ஓடுவதெல்லாம் வேறு. பில் கட்டை யாரிடம் கொடுப்பது? நான் சொல்லும் வரவு செலவு வெளியே போகாமல் இருக்குமா? ஆடிட்டரை மறுபடி பார்க்க முடியுமா, அல்லது இன்றோடு சரியா? வரி கட்டப் பணம் கேட்டால் யார் கையில் கொடுப்பது? நோட்டீஸ் வந்தால் யார் பேசுவார்கள்? படத்துக்குக் கீழே உள்ள குறிப்பு இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொன்னால் நம்பிக்கை தானாக வரும். “நம்புங்கள்” என்று எழுதி யாரும் நம்பிக்கையை வரவழைத்ததில்லை.

எழுதும் முன் சட்டம்

மற்ற தொழில்களைப்போல சார்ட்டர்டு அக்கவுண்டண்ட் தன்னைப் பற்றி நினைத்ததையெல்லாம் எழுதிவிட முடியாது. 1949-ஆம் ஆண்டின் சார்ட்டர்டு அக்கவுண்டண்ட்ஸ் சட்டம் அவர் கையைக் கொஞ்சம் கட்டிவைத்திருக்கிறது. சுற்றறிக்கை, விளம்பரம், நேரில் போய்க் கேட்பது என எந்த வழியிலும் வாடிக்கையாளரைத் தேடிப் பிடிப்பது தொழில் ஒழுங்கீனம் என்கிறது அதன் முதல் அட்டவணை. தன் திறமைகளைப் பற்றித் தம்பட்டம் அடிப்பதற்கும் அங்கே தடை உண்டு. 2006-இல் சட்டம் திருத்தப்பட்டபோது ஒரு வாசல் திறந்தது. என்னென்ன சேவை செய்கிறோம், நிறுவனத்தின் விவரம் என்ன என்பதைச் சொல்லும் குறிப்பை, ஐ.சி.ஏ.ஐ. கவுன்சிலின் வழிகாட்டுதலுக்கு உட்பட்டு வெளியிடலாம்.

இதன் நடைமுறைப் பொருள் எளிது. தேடி வருபவர் பார்க்கும்படி விவரம் வைக்கலாம். அதையே துண்டுச்சீட்டாக அச்சடித்துக் கடைத்தெருவில் கொடுத்தால் சிக்கல். வழிகாட்டுதல்கள் அவ்வப்போது திருத்தப்படுகின்றன என்பதால், அறிமுகக் குறிப்பை மாட்டும் முன் அன்றைக்கு நடப்பில் இருப்பதை ஒருமுறை படித்துவிடுவது நல்லது.

வாடிக்கையாளர் பெயர்களைப் போடக் கூடாது என்பதை இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். “ஊரின் முன்னணி ஜவுளிக்கடைகள் எங்களிடம்தான்” என்று பெயர்களை அடுக்க ஆசை வரும். ஆனால் தொழில்வழியாகத் தெரிந்துகொண்ட தகவலை வாடிக்கையாளரின் சம்மதமில்லாமல் வெளியே சொல்வது அதே சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் குற்றமாக இருக்கிறது. புதிதாக வந்தவரின் கண்ணால் பார்த்தாலும் அது உதவாது. பக்கத்துக் கடைக்காரர் பெயர் சுவரில் தொங்கினால், நாளைக்குத் தன் பெயரும் தொங்கும் என்றுதான் அவர் நினைப்பார்.

யார் எதைச் செய்ய முடியும்

நம் ஊரில் வரிக் கணக்குப் போட்டுத் தருகிறவர் எல்லோரையும் ஆடிட்டர் என்றே கூப்பிடுகிறோம். சட்டத்தின் பார்வையில் இவர்கள் வேறு வேறு ஆட்கள். சி.ஏ. தேறி, நிறுவனத்தில் பதிந்து, தொழில் நடத்தும் சான்று வைத்திருப்பவர்தான் தணிக்கை அறிக்கையில் கையெழுத்திட முடியும். ஜி.எஸ்.டி. பிராக்டிஷனராகப் பதிந்தவர் உங்களுக்காக ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போடலாம், தணிக்கை செய்ய முடியாது. டேலியில் கணக்கெழுதுபவர் கணக்கு மட்டும் எழுதுவார். மூவரும் நேர்மையான பிழைப்பு நடத்துகிறவர்கள்தான். யார் எவர் என்பதை மறைத்து எழுதும்போதுதான் தொல்லை வருகிறது.

ஆடிட்டர் ஆபீஸில் இன்னொரு வகையினர் உண்டு. சி.ஏ. படிப்பின் பகுதியாகப் பயிற்சிக்கு வரும் மாணவர்கள். ஆபீஸ் பேச்சில் இவர்களுக்கு ‘ஆர்ட்டிகிள்’ என்று பெயர். முன்பு மூன்று ஆண்டுகளாக இருந்த இந்தப் பயிற்சி, 2023-இல் வந்த புதிய பாடத்திட்டத்தில் இரண்டு ஆண்டுகளாகக் குறைந்தது. உங்கள் கடைக்கு வந்து ஸ்டாக் எண்ணுவது, வவுச்சரைப் புரட்டுவது பெரும்பாலும் இவர்கள்தான். தொழில் நடத்தும் உறுப்பினராக இல்லாத ஒருவரையோ, தன் பங்குதாரராக இல்லாத உறுப்பினரையோ தனக்காக பேலன்ஸ் ஷீட்டிலும் அறிக்கையிலும் கையெழுத்திடச் செய்வது ஆடிட்டர் செய்யக் கூடாத காரியம் என்று சட்டம் சொல்கிறது. ஆகவே படத்துக்குக் கீழே ஒரு ஆர்ட்டிகிளை ‘ஜூனியர் ஆடிட்டர்’ என்றோ, இருபது ஆண்டு அனுபவமுள்ள கணக்காளரை ‘சீனியர் ஆடிட்டர்’ என்றோ எழுதுவது மரியாதைக்காகச் செய்வதாக இருக்கலாம். படிப்பவருக்கு அது தவறான தகவல்.

சி.ஏ. இல்லாத கணக்கு நிறுவனங்களும் இதை நேராகவே சொல்லிவிடலாம். “கணக்கெழுதுவதும் ஜி.எஸ்.டி. ரிட்டர்னும் எங்கள் வேலை. தணிக்கை தேவைப்பட்டால் வெளியிலுள்ள சார்ட்டர்டு அக்கவுண்டண்டிடம் நீங்கள் தனியாக ஒப்படைக்க வேண்டும்.” இப்படி எழுதியதற்காக யாரும் திரும்பிப் போவதில்லை. பின்னால் தெரியவந்தால்தான் போவார்கள்.

ஒரு ஆபீஸை எடுத்துக்கொள்வோம்

மதுரையில் ஒரு சிறிய ஆபீஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஆடிட்டர், ஜி.எஸ்.டி. பார்க்கும் ஒரு மூத்த ஊழியர், ஒரு ஆர்ட்டிகிள், முன்பக்க மேசையில் ஒருவர். ஹார்டுவேர் கடைக்காரர்களும் சுங்குடிச் சேலை வியாபாரிகளும் வந்துபோகும் இடம். ஆபீஸும் ஆட்களும் விளக்கத்துக்காக நாம் கற்பனை செய்துகொண்டவை. பெயர்களும் அப்படியே.

முதலில் ஆடிட்டர். வழக்கமான குறிப்பில் “30 ஆண்டு அனுபவம் மிக்க, தொலைநோக்குப் பார்வை கொண்ட நிறுவனர்” என்றிருக்கும். அதை இப்படி மாற்றலாம்:

*சுந்தரராஜன், சார்ட்டர்டு அக்கவுண்டண்ட், உரிமையாளர். தணிக்கை அறிக்கையிலும் சான்றிதழிலும் கையெழுத்திடுபவர் இவர் ஒருவரே. உங்கள் கணக்கை ஏற்கும் நாளிலும், ஆண்டுக் கணக்கில் கையெழுத்திடும் முன்பும் உங்களோடு உட்கார்ந்து பேசுவார். வரித்துறை நோட்டீஸுக்குப் பதில் தயாரிப்பவரும் இவரே.*

இதோடு அவருடைய உறுப்பினர் எண்ணையும், நிறுவனத்தின் பதிவு எண்ணையும் சேர்க்க வேண்டும். உறுப்பினர் எண் ஆறு இலக்கம். தென்மண்டல நிறுவனங்களின் பதிவு எண் ஆறு இலக்கத்துக்குப் பின் S என்ற எழுத்தில் முடியும். இந்த எண்கள் வெறும் அலங்காரம் கிடையாது. இவற்றை வைத்து வாடிக்கையாளரே சரிபார்க்க வழி இருக்கிறது. அதைப் பின்னால் பார்ப்போம்.

அனுபவ ஆண்டை விட்டுவிட்டோமே என்று கேட்கலாம். எழுதலாம், தப்பில்லை. “மொத்தம் 75 ஆண்டு அனுபவம்” என்று எல்லோருடையதையும் கூட்டிப் போடுவதுதான் வேண்டாம். ஐந்து பேர் ஆளுக்குப் பதினைந்து ஆண்டு வேலை பார்த்தால் யாருக்கும் 75 ஆண்டு அனுபவம் வந்துவிடாது. கூட்டல் கழித்தலே தொழிலாக உள்ளவர்கள் இப்படிக் கூட்டினால், கணக்குத் தெரிந்த வியாபாரி சிரிப்பார்.

அடுத்து ஜி.எஸ்.டி. பார்க்கும் ஊழியர். உண்மையில் வாடிக்கையாளர் மாதாமாதம் பேசப்போவது இவரோடுதான். ஆனால் பெரும்பாலான படங்களில் இவர் பின்வரிசையில், பெயர் மட்டும் போட்டு நிற்பார்.

*விஜயலட்சுமி, பி.காம். மாத ஜி.எஸ்.டி. கணக்குகள் இவர் பொறுப்பு. விற்பனை பில்கள் 5-ஆம் தேதிக்குள் வந்துவிட்டால், 11-ஆம் தேதிக் கெடுவுக்கு முன் உங்களிடம் காட்டிவிட்டு ரிட்டர்ன் போடுவார். தமிழும் சௌராஷ்டிரமும் பேசுவார். ஓ.டி.பி. கேட்க ஆபீஸ் எண்ணிலிருந்து மட்டுமே அழைப்பார்.*

இந்த நாலு வாக்கியத்தில் மூன்று காரியம் நடந்திருக்கிறது. மாத ரிட்டர்ன் போடுகிறவருக்கு விற்பனை விவரமான ஜி.எஸ்.டி.ஆர்-1 அடுத்த மாதம் 11-ஆம் தேதிக்குள் போக வேண்டும். வரி கட்டும் 3பி 20-ஆம் தேதிக்குள். 5-ஆம் தேதி என்று வைத்ததால் வாடிக்கையாளருக்குத் தன் பங்கு என்ன என்பது புரிந்துவிடுகிறது. பில்லை 10-ஆம் தேதி ராத்திரி அனுப்பிவிட்டு ஆபீஸைக் குறை சொல்ல முடியாது. சௌராஷ்டிரம் பேசுவார் என்ற ஒரு துணுக்கு, சுங்குடி வியாபாரம் செய்யும் ஒரு வயதானவரைத் தயக்கமில்லாமல் போனை எடுக்க வைக்கும். “பாட்டுக் கேட்பது இவர் பொழுதுபோக்கு” என்று எழுதுவதைவிட இது பயன்படும்.

மூன்றாவது ஓ.டி.பி. சில இடங்களில் புதிய ஜி.எஸ்.டி. பதிவு எடுக்கும்போது கைபேசி எண் என்ற கட்டத்தில் ஆபீஸ் ஊழியரின் சொந்த எண்ணைக் கொடுத்துவிடுவார்கள். வேலை சுலபம் என்பதற்காகச் செய்வது. அந்த ஊழியர் வேலையை விட்டுப் போன பிறகு கடைக்காரரால் தன் கணக்குக்குள் நுழைய முடியாமல் போகும். துறை எழுப்பும் கேள்விகளும் அவர் கண்ணில் படாது. பதிவில் இருக்கும் எண்ணும் மின்னஞ்சலும் வாடிக்கையாளருடையதாகவே இருக்க வேண்டும். யார், எந்த எண்ணிலிருந்து ஓ.டி.பி. கேட்பார் என்பது குறிப்பிலேயே இருந்தால், வேறு யாரோ ஆபீஸ் பெயரைச் சொல்லிக் கேட்கும்போது அவர் உஷாராகிவிடுவார். அதே காரணத்துக்காகத்தான் ஊழியரின் சொந்தக் கைபேசி எண் குறிப்பில் வரக் கூடாது. ஆபீஸ் எண் மட்டும் போதும்.

ஆர்ட்டிகிளுக்கு:

*கார்த்திக், சி.ஏ. பயிற்சி மாணவர். இண்டர் தேறி, இரண்டாண்டுப் பயிற்சியில் இருக்கிறார். ஸ்டாக் கணக்கெடுக்கவும் வவுச்சர் சரிபார்க்கவும் உங்கள் கடைக்கு வருவார். அவர் பார்த்த வேலையை ஆடிட்டர் மறுபடி பார்த்த பிறகே கணக்கு முடியும்.*

இருபது வயதுப் பையன் கடைக்கு வந்து கல்லாவையும் குடோனையும் பார்க்கும்போது முதலாளிக்கு முகம் சுளிப்பது சகஜம். “ஆடிட்டர் வராமல் சின்னப் பையனை அனுப்பிவிட்டாரே” என்பார். அவன் யார், எதற்கு வருகிறான், அவன் வேலையை யார் பார்க்கிறார் என்பது முன்கூட்டியே தெரிந்தால் அந்தப் பேச்சு வராது.

கடைசியாக முன்மேசை. இவரை விட்டுவிடும் ஆபீஸ்கள் நிறைய.

*மரியா, முன்மேசை. நீங்கள் கொண்டுவரும் பில் புத்தகம், பேங்க் ஸ்டேட்மெண்ட், பத்திர நகல் எதுவானாலும் நோட்டில் பதிந்து கையெழுத்திட்ட சீட்டுத் தருவார். திருப்பி வாங்கும்போது அதே நோட்டில் நீங்கள் கையெழுத்திட வேண்டும்.*

காகிதம் தொலைவதுதான் இந்தத் தொழிலில் வாடிக்கையாளருக்கும் ஆபீஸுக்கும் நடக்கும் சண்டைகள் பலவற்றுக்குக் காரணம். “கொடுத்தேன்”, “வரவில்லை” என்ற வாதத்துக்கு ஒரு நோட்டும் ஒரு சீட்டும் முற்றுப்புள்ளி வைக்கும். அந்த ஏற்பாடு இருக்கிறது என்பதைச் சொல்ல இவர் படத்துக்குக் கீழேதான் சரியான இடம்.

பணத்தைப் பற்றி ஒரு வரி

நாலு பேரின் குறிப்பும் முடிந்த பிறகு, பொதுவாக ஒரு வரி வேண்டும்: *உங்கள் வரிப் பணத்தை எங்கள் ஊழியர் யாரும் கையிலோ சொந்தக் கணக்கிலோ வாங்குவதில்லை. செலான் உங்களுக்கு வரும், நீங்களே கட்டுவீர்கள்.*

வரி கட்டவென்று மாதாமாதம் ரொக்கம் கொடுத்து, அது அரசுக்குப் போகவே இல்லை என்று பின்னால் தெரிந்துகொண்ட வியாபாரிகள் உண்டு. வட்டியும் அபராதமும் சேர்த்துக் கட்ட வேண்டியது அவர்கள்தான்; பணம் வாங்கியவர் இல்லை. ஜி.எஸ்.டி. தளத்தில் செலான் உருவாக்கினால் அதற்கு 14 இலக்க எண் ஒன்று வரும். அதை வைத்து உங்கள் பேங்க் கணக்கிலிருந்தே கட்டலாம். கட்டிய தொகை தளத்தில் உங்கள் மின்னணு ரொக்கப் பேரேட்டில் ஏறியிருக்கும். லாகின் உங்கள் கையில் இருந்தால் ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். இதை ஆபீஸே முன்வந்து சொல்லும்போது வரும் நம்பிக்கை, “நேர்மையே எங்கள் தாரக மந்திரம்” என்று பொன்னெழுத்தில் எழுதினாலும் வராது.

வாக்குறுதிகளில் கவனம் வேண்டும். “நோட்டீஸே வராது”, “வரியைப் பாதியாகக் குறைத்துத் தருவோம்” என்று எந்த ஆபீஸும் எழுதக் கூடாது. நோட்டீஸ் அனுப்புவது துறையின் கையில் இருக்கிறது. கணக்குச் சரியாக இருந்தாலும், எதிர்த் தரப்பு தன் ரிட்டர்னில் வேறு தொகை போட்டிருந்தால் உங்களுக்குக் கேள்வி வரலாம். வந்தால் யார் பதில் சொல்வார் என்பதை மட்டும்தான் ஆபீஸ் உறுதியாகச் சொல்ல முடியும்.

படமும் தேதியும்

குரூப் போட்டோ என்றால் பத்திரிகை வழக்கப்படி “அமர்ந்திருப்பவர்கள், நிற்பவர்கள், இடமிருந்து வலம்” என்று வரிசை சொல்ல வேண்டும். தனித்தனிப் படம் என்றால் இன்னும் நல்லது. ஒருவர் போய்விட்டால் அந்த ஒன்றை மட்டும் மாற்றினால் போதும். படம் போட ஊழியரின் சம்மதம் கேட்க வேண்டும். வேண்டாம் என்பவருக்குப் பெயரும் பொறுப்பும் மட்டும் போடலாம். இணையத்திலிருந்து எடுத்த, கோட்டு சூட்டு போட்ட அயல்நாட்டுக்காரர் படம் மட்டும் எக்காரணம் கொண்டும் வேண்டாம்.

ஆர்ட்டிகிள் இரண்டு ஆண்டில் போய்விடுவார். கணக்காளர் வேறு வேலைக்குப் போகலாம். போனவரின் படம் சுவரிலேயே இருந்தால், அவர் பெயரை நம்பி யாராவது அவருக்கே பில்லை அனுப்பிக்கொண்டிருப்பார்கள். அதனால் குறிப்பின் அடியில் மாதமும் ஆண்டும் போட்டு, ஆள் மாறும் அன்றே குறிப்பையும் மாற்ற வேண்டும். போனவரிடம் இருந்த கணக்குகளை இப்போது யார் பார்க்கிறார் என்று அந்த வாடிக்கையாளர்களுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுவதும் அன்றைய வேலைதான்.

எழுதி முடித்தபின் கணக்குத் துறைக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். “பில் யாரிடம் தருவீர்கள்? கையெழுத்து யார் போடுவார்? நோட்டீஸ் வந்தால் யாரைக் கேட்பீர்கள்?” என்று கேளுங்கள். மூன்றுக்கும் அவர் சரியாகப் பதில் சொல்லிவிட்டால் மாட்டிவிடலாம். ஒன்றில் தடுமாறினாலும் எழுத்தில்தான் குறை, அவரிடம் இல்லை.

வாடிக்கையாளர் செய்ய வேண்டியது

குறிப்பில் உள்ளதைச் சரிபார்க்க வாடிக்கையாளருக்கு நல்ல கருவி ஒன்று இருக்கிறது. சார்ட்டர்டு அக்கவுண்டண்ட் கையெழுத்திடும் சான்றிதழ்களிலும் தணிக்கை அறிக்கைகளிலும் யு.டி.ஐ.என். என்ற 18 இலக்க எண் இருக்க வேண்டும். 2019-இல் படிப்படியாக இது கட்டாயமானது. முதல் இரண்டு இலக்கம் ஆண்டைக் குறிக்கும். அடுத்த ஆறு, கையெழுத்திட்டவரின் உறுப்பினர் எண். மீதிப் பத்து அந்த ஆவணத்துக்கே உரிய எழுத்தும் எண்ணும் கலந்த குறியீடு.

பேங்க் கடனுக்காக நிகர சொத்துச் சான்றிதழ் ஒன்று வாங்கினீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள யு.டி.ஐ.என்.னின் மூன்றாவது இலக்கத்திலிருந்து ஆறு இலக்கத்தை எடுத்து, ஆபீஸ் சுவரில் ஆடிட்டர் பெயருக்குக் கீழே உள்ள உறுப்பினர் எண்ணோடு ஒத்துப்பாருங்கள். பிறகு udin.icai.org தளத்தில் முழு எண்ணையும் போட்டால் அந்த ஆவணம் உண்மையிலேயே பதிவாகியிருக்கிறதா என்று தெரியும். எண் இல்லாத சான்றிதழோ, வேறு யாருடைய உறுப்பினர் எண்ணோ இருந்தால் அங்கேயே நிறுத்திக் கேளுங்கள்.

புதிய ஆபீஸ் ஒன்றுக்குக் கணக்கைக் கொண்டுபோகும்போது சுவரில் இந்த விவரங்கள் இல்லாவிட்டாலும் வாயால் கேட்டுவிடுங்கள்: கையெழுத்து யார், மாதாமாதம் பேசப்போவது யார், கொடுத்த காகிதத்துக்குச் சீட்டு உண்டா, லாகினில் கைபேசி எண் யாருடையது. நல்ல ஆபீஸ் இந்த நாலுக்கும் யோசிக்காமல் பதில் சொல்லும். பதில் சொல்லத் தயங்கும் இடத்தில் பில் கட்டை மேசையில் வைக்காதீர்கள்.